கடுகு மஞ்சளில் விழுந்த பட்டை

போன ஆடி மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 24 சேலை வந்தது. கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை, முந்தியில் அரக்கும் மஞ்சளும் மாறிமாறி வரும் கோடுகள். நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் 80-ஆம் நம்பர் பருத்தி. மூன்று தறியில் ஆளுக்கு ஒரு பாவு, ஒரு பாவுக்கு எட்டுச் சேலை. எந்தத் தறி, எத்தனையாவது சேலை என்று உள்முனையில் நூலால் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். நான் பெங்களூர் சிக்பேட்டில் ஒரு மொத்தக் கடையின் இரண்டாம் மாடியில் பதினான்கு வருடமாகச் சேலை பார்த்துத் தரம் பிரிக்கிறேன். நல்லதை ‘பிரஷ்’ என்றும், குறை உள்ளதை ‘செகண்ட்ஸ்’ என்றும், விற்க முடியாததை ‘டேமேஜ்’ என்றும் மூன்று அடுக்காக வைப்பது என் வேலை. இரண்டாம் தறியின் ஆறாவது சேலையை விரித்ததும் கை நின்றுவிட்டது. குறுக்கே ஒரு பட்டை.

பட்டை என்றால் சேலையின் அகலம் முழுவதும் ஊடை ஓடும் திசையில் நிறமோ அடர்த்தியோ மாறித் தெரிவது. கைத்தறியில் தரம் பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தொல்லை தரும் குறை கிடையாது. ஓட்டை ஓட்டைதான், கறை கறைதான். அவற்றை யார் பார்த்தாலும் ஒரே பதில் சொல்வார்கள். பட்டை அப்படி இல்லை. மூன்று வெவ்வேறு காரணத்தால் வரும், மூன்றும் தூரத்திலிருந்து ஒன்று போலவே தெரியும். ஒன்று கைத்தறியின் இயல்பு, இன்னொன்று நெய்தவரின் கவனக்குறைவு, மூன்றாவதற்கும் நெய்தவரின் கைக்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பிரிக்கத் தெரியாமல் ‘பட்டை, செகண்ட்ஸ்’ என்று சீட்டில் எழுதி அனுப்பினால், கூலி பிடிக்கப்படுவது எப்போதும் நெய்தவருக்குத்தான். சாயம் போட்டவர் தப்பித்துவிடுவார்.

எங்கள் மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கம்பு கட்டியிருக்கிறோம். சேலையை அதன் மேல் போட்டு மெதுவாக இழுத்துக்கொண்டே பார்ப்பேன். முதலில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று, துணியின் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு முறை. அப்புறம் துணிக்கு மறுபக்கம் போய், ஜன்னல் வெளிச்சம் துணிக்குள் புகுந்து வரும்படி ஒரு முறை. எனக்குத் தெரிந்து பட்டையைப் பிரிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. ஊடை நெருக்கமாகவோ தளர்வாகவோ அடிக்கப்பட்டதால் வந்த பட்டை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும்; தளர்வான இடம் பளிச்சென்று இருக்கும், நெருக்கமான இடம் இருட்டும். நூலின் சாயம் மாறியதால் வந்த பட்டை மேல்வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும், உள்வெளிச்சத்தில் பெரும்பாலும் மங்கிப் போகும். ஏனென்றால் துணியின் அடர்த்தியில் ஒரு மாற்றமும் இல்லை.

பார்க்கும் தூரமும் முக்கியம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பட்டை கிட்டத்தில் கரைந்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரே மஞ்சளைத் தொடர்ந்து பத்து சேலை பார்த்தால் கண் அந்த மஞ்சளுக்குப் பழகி, வேறுபாட்டையே விட்டுவிடும். அதற்காகச் சுவரில் சாம்பல் நிறத் துணி ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறேன். இரண்டு சேலைக்கு ஒரு முறை அதை அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

அந்த லாட்டில் மொத்தம் ஒன்பது சேலையில் பட்டை தெரிந்தது. ஐந்தில், நாலு நாலரை அங்குலத்துக்கு ஒரு முறை அலை மாதிரி லேசாக அடர்ந்து, லேசாகத் தளர்ந்து, மறுபடி அடர்ந்து வந்தது. குழித்தறியில் நெய்கிறவர் நெய்த துணியைக் கையால்தான் சுருட்டுவார். சுருட்டிய உடனே நெய்த விளிம்பு அவருக்குப் பக்கத்தில் இருக்கும். நெய்ய நெய்ய விளிம்பு தள்ளிப் போய், ஊடையை அடித்து நெருக்கும் அச்சுப்பலகை வீசும் தூரம் குறைந்து, அடியின் கனமும் கோணமும் கொஞ்சம் மாறும். மறுபடி சுருட்டினால் பழையபடி. அந்த ஏற்ற இறக்கம்தான் இந்த அலை. இழை எண்ணும் கண்ணாடியை, கடையில் கவுண்டிங் கிளாஸ் என்போம், அலையின் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக வைத்து எண்ணினேன். கண்ணாடியின் சட்டம் சரியாக ஓர் அங்குலம். மேட்டில் 62 ஊடை, பள்ளத்தில் 58. சொன்ன கணக்கு 60. மூன்று கூடக்குறைய இருந்தால் நான் கேள்வியே கேட்க மாட்டேன். ஐந்து சேலையும் பிரஷ். ஒரே தாளகதியில் வரும் இந்த அலை மனிதக் கை நெய்தது என்பதற்கான தடம். இதைக் குறை என்று எழுதினால் கைத்தறியையே குறை என்று எழுதியதாக ஆகும்.

இரண்டு சேலையில் ஒற்றைக் கோடு. ஒரு விரல் அகலம்கூட இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது, பக்கத்திலேயே ஒரு கோடு இருண்டிருந்தது. இது தறி நின்று போய் மறுபடி தொடங்கிய இடம். ராத்திரி முழுக்கப் பாவு இறுக்கமாகவே நின்றால் இழை கொஞ்சம் நீண்டு, காலையில் விளிம்பு இருந்த இடத்தில் இருக்காது. முதல் சில ஊடை அதன் இடத்துக்குப் போய் உட்காராது. பழகிய நெசவாளர் சாயங்காலம் எழும்போது பாவைத் தளர்த்திவிட்டுப் போவார், காலையில் விளிம்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, முதல் அடியைப் பார்த்து அடிப்பார். இங்கே அது நடக்கவில்லை. இது நெய்தவரின் கவனக்குறைவுதான், அப்படித்தான் எழுதுவேன்.

மிச்சம் இரண்டு. இரண்டாம் தறியின் ஆறாவது சேலையும் மூன்றாம் தறியின் ஐந்தாவது சேலையும். இவற்றில் இருந்தது கோடும் இல்லை, அலையும் இல்லை. ஒரு இடம் வரை ஒரு மஞ்சள், அங்கிருந்து முந்தி வரை வேறொரு மஞ்சள். எல்லை கத்தியால் கீறியது போல இருந்தது. உள்வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் எண்ணினால் 60, அந்தப் பக்கம் 60.

இங்கே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பட்டை ஐந்தாறு அங்குலத்தில் முடிந்து பழைய நிறம் திரும்பி வந்தால், ஒரே ஒரு தார் மாறிவிட்டது என்று அர்த்தம். ஊடையை இழுத்துக்கொண்டு பாவுக்குள் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் சுற்றிய நூலைத்தான் தார் என்கிறோம். 47 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 60 ஊடை என்றால், ஓர் அங்குலம் நெய்ய ஏறக்குறைய 72 மீட்டர் நூல் வேண்டும். 400 மீட்டர் சுற்றிய தார் ஐந்தரை அங்குலத்தில் தீர்ந்துவிடும். அதனால் பட்டையின் அகலத்தை அளந்தாலே அது தாரின் குளறுபடியா என்று சொல்லிவிடலாம். வேறு நம்பர் நூலோ வேறு நிற நூலோ தெரியாமல் ஒரு தாரில் கலந்திருக்கும். இந்த இரண்டு சேலையில் பழைய நிறம் திரும்பவே இல்லை. அப்படியென்றால் நூலின் சாயமே மாறியிருக்கிறது.

உறுதி செய்ய, எல்லையின் இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் ஊடை நூலை வெளியே எடுத்து, வெள்ளை அட்டையில் பக்கம் பக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றினேன். துணியில் பாவின் நிறமும் சேர்ந்து கண்ணை ஏமாற்றும். அட்டையில் ஊடை மட்டும் நிற்கும். ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் ஒன்று பசுமை தட்டிய மஞ்சள், இன்னொன்று செம்மை கலந்த மஞ்சள். அதே அட்டையை டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டு போனேன். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. சாயக்காரரும் சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில்தான் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார் என்று அப்போதே தோன்றியது.

இது எனக்குப் பழைய காயம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மழை மூட்டமான ஒரு நாளில் லோடு ஏற்ற அவசரம் என்று டியூப்லைட்டிலேயே பார்த்துப் பத்துச் சேலையை அனுப்பிவிட்டேன். அல்சூரிலிருந்து ஒரு அம்மா, மகள் நிச்சயத்துக்குக் கட்டிய சேலையோடு திரும்பி வந்தார். மொட்டை மாடியில் எடுத்த போட்டோவில் முந்தி ஒரு நிறம், மடிப்பு ஒரு நிறம். சேலையைவிட அந்தப் போட்டோதான் அவருக்கு வருத்தம். அன்றிலிருந்து மேகமூட்டம் அதிகமானால் நிறம் பார்க்கும் வேலையை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுகிறேன், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கடுகு மஞ்சள் தனியாக வரும் நிறம் இல்லை. மஞ்சளோடு கொஞ்சம் சிவப்பும், இன்னும் கொஞ்சம் கறுப்போ நீலமோ சேர்ப்பார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று சாயமும் நூலில் ஏறும் வேகம் ஒன்று இல்லை. தண்ணீரின் சூடு, உப்பு, நூலுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதில் எது மாறினாலும் அந்தச் சிறு பங்குச் சாயம் கூடியோ குறைந்தோ ஏறும். தனிச் சிவப்பில் இந்த அளவு மாற்றம் வந்தால் கண் மன்னித்துவிடும். கடுகு மஞ்சள், பாசிப்பச்சை, சாம்பல் மாதிரி கலப்பு நிறங்களில் மன்னிக்காது.

சரி, காரணம் தெரிந்தது. இனி தரம். இங்கேதான் எனக்கும் போன வருடம் கடைக்கு வந்த ஒரு புதிய தாளுக்கும் ஒத்துப் போகவில்லை. ஏற்றுமதித் துணி பார்க்கிறவர்கள் நாலு புள்ளி முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குறையின் நீளம் மூன்று அங்குலம் வரை ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நாலு. நூறு சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போனால் தள்ளிவிடுவது பரவலான வழக்கம். வெட்டித் தைக்கும் துணிக்கு அது நல்ல முறை. சேலைக்கு அதைப் போட்டுப் பாருங்கள். ரவிக்கைத் துணியோடு சேர்த்து 6.2 மீட்டர் நீளம் என்றால் ஒன்பது சதுர கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. அனுமதி மூன்றரைப் புள்ளி. குறுக்கே ஒரே ஒரு ஊடை விட்டுப் போனாலும் 47 அங்குலக் குறை, நாலு புள்ளி, சேலை கழிவு. அது இடுப்பில் செருகும் இடத்தில் இருந்து யார் கண்ணிலும் படாததாக இருந்தாலும் அதே கதிதான். ஆனால் முந்தி நடுவில் இரண்டு அங்குலத் துருக்கறை இருந்தால் ஒரே புள்ளிதான், தேறிவிடும். சேலையை யாரும் வெட்டப் போவதில்லை, கட்டப் போகிறார்கள். குறை உடம்பில் எங்கே வந்து நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாம் வழக்கமாகக் கட்டும் கட்டில் முதல் ஒரு மீட்டர் இடுப்பைச் சுற்றி உள்ளே போய்விடும், அதன் மேல் இரண்டாவது சுற்று வந்து மூடும். அடுத்தது கொசுவம். ஊடைத் திசையில் விழுந்த பட்டை கொசுவத்தில் மடிப்புக்கு இணையாக, மேலிருந்து கீழாக நிற்கும். மடிப்பின் நிழலோடு அதுவும் ஒரு நிழலாகக் கலந்துவிடும். அதே பட்டை முந்தியில் இருந்தால், முந்தி முதுகில் நேராகத் தொங்குவதால் குறுக்குக் கோடாக, எல்லோருக்கும் முகத்தில் அடித்தது போலத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்து விட்டுப் போன குறை இதற்கு நேர்மாறு. அது நீளவாக்கில் ஓடும் என்பதால், முழங்கால் உயரத்தில் இருந்தால் முழங்கால் உயரத்திலேயே உடம்பைச் சுற்றி வரும், கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு முறை தலை காட்டும். எந்த மடிப்பும் அதை மறைக்காது.

ஒற்றைக் கோடு விழுந்த இரண்டில் ஒன்று உள்முனையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தது. ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் போக, செருகும் பகுதி. தைரியமாக பிரஷ் அடுக்கில் வைத்தேன். சீட்டில் மட்டும் ‘தொடங்கிய இடத்துக் கோடு, உள்பகுதி’ என்று எழுதினேன், தறிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இன்னொன்றின் கோடு மார்பின் குறுக்கே வரும் இடத்தில் இருந்தது. செகண்ட்ஸ்.

நிறம் மாறிய இரண்டில் மூன்றாம் தறிச் சேலை சுலபம். எல்லை முந்திக்கு 40 சென்டிமீட்டர் முன்னால், தோளில் வந்து உட்காரும் இடம். செகண்ட்ஸ் தவிர வேறு வழியில்லை. இரண்டாம் தறிச் சேலைதான் என்னை அரை மணி நேரம் நிற்க வைத்தது. எல்லை உள்முனையிலிருந்து 2.1 மீட்டரில். ரவிக்கை 80 சென்டிமீட்டர், செருகும் பகுதி ஒரு மீட்டர் போனால், கொசுவத்தின் முதல் மடிப்புகளில் விழுகிறது. உதவிக்கு இருக்கும் பெண்ணைக் கட்டச் சொல்லி ஜன்னல் ஓரம் நிற்க வைத்தேன். எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பிரஷ் என்று முடிவு செய்து மடிக்கும்போதுதான் ரவிக்கைத் துணி கையில் பட்டது. அது பசுமை தட்டிய மஞ்சள். முந்தியை ஒட்டிய உடல் செம்மை கலந்த மஞ்சள். தைத்துப் போட்டால் தோளில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். சேலைக்குள் ஒளிந்த வேறுபாடு ரவிக்கையில் வெளியே வந்துவிடும். கடைசியில் ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்துவிட்டு, ரவிக்கை இல்லாத சேலையாக, அதற்கான விலையில் வைத்தோம்.

நடுவில் நிறம் மாறாத மற்ற 22 சேலைகளையும் ஜன்னலில் வரிசையாகப் போட்டு நிறவாரியாகப் பிரித்தேன். பழைய சாயத்தில் 17, புதுச் சாயத்தில் ஐந்து. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் நிறத்தில் குறை இல்லை. ஆனால் அக்கா தங்கைக்கு ஒரே மாதிரி வேண்டும் என்று கேட்கிறவருக்கு இதில் ஒன்று அதில் ஒன்று போய்விடக் கூடாது. மடிப்பின் உள்ளே வெவ்வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டுக் குறித்து வைத்தேன்.

அடுத்த வாரம் தறிக்காரரே பணத்துக்காக பெங்களூர் வந்தார். தேவாங்கர். வீட்டில் பேசுவது கன்னடம், அதனால் எங்கள் லோடு ஏற்றும் பையன்களோடு அவர் கன்னடம் பேச, அவர்கள் அதன் பழைய சாயலைக் கேட்டுச் சிரிப்பார்கள். என்னிடம் கொங்குத் தமிழ். அட்டையை அவர் கையில் கொடுத்து ஜன்னலுக்கு அழைத்துப் போனேன்.

“ஏனுங்க அம்மிணி, ரெண்டும் ஒரே தொட்டியில போட்ட சாயம்னுதான சொன்னாங்க” என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, “இல்லீங்க. ரெண்டாந்தடவ போட்டிருக்கறாங்க. முதல் தறிக்கு மொதல்ல போட்டதே போதுமா இருந்திருக்குது” என்றார்.

“அண்ணா, சாயம் மாறுறதை நம்மால நிறுத்த முடியாது. ஆனா ஒரு சேலைக்கு நடுவுல மாறுறதை நிறுத்தலாம்ல?”

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 6.2 மீட்டர் என்பது 244 அங்குலம். அங்குலத்துக்கு 72 மீட்டர் வீதம் பதினேழரை ஆயிரம் மீட்டர் ஊடை. 80-ஆம் நம்பர் நூல் ஆயிரம் மீட்டர் 7.4 கிராம் எடை. ஆக ஒரு சேலைக்கு ஊடை 130 கிராம். முந்தியில் அரக்கு கலப்பதால் மஞ்சள் கொஞ்சம் குறையும், சேதாரத்தில் கொஞ்சம் கூடும். 140 என்று வைத்துக்கொண்டோம். ஒரு சேலையை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் கையில் இருக்கும் பழைய சாய நூலைத் தராசில் வைக்க வேண்டும். 140 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே கூடாது, புதுச் சாயத்தில் தொடங்கிவிட வேண்டும். இரண்டு சாயத்தையும் தார் மாற்றி மாற்றிப் போட்டுக் கலக்கலாமே என்று கேட்டார். தார் மாற்றினால் ஐந்தரை அங்குலத்துக்கு ஒரு பட்டை வரும், அது இன்னும் மோசம். இரண்டு நாடா வைத்து இரண்டிரண்டு ஊடையாக மாற்றிப் போட்டால் கண் கலந்து பார்க்கும், ஆனால் வேலை பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கூலியை யார் தருவது? அவருக்கும் அது புரிந்தது.

நிறம் மாறிய இரண்டு சேலைக்கும் பிடித்த கழிவை, நெய்தவர்கள் கணக்கிலிருந்து எடுக்காமல் சாயக் கணக்கில் எழுதச் சொல்லி சீட்டைத் திருத்திக் கொடுத்தேன். மார்பில் கோடு விழுந்த சேலையின் கழிவு மட்டும் அதை நெய்தவர் பேரிலேயே நின்றது. அதற்குத் தறிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசியில் அடுத்த மூட்டை வந்தது. அதே கடுகு மஞ்சள், இந்த முறையும் 24. ஜன்னலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு சாயம் இருந்தது, 15-ம் ஒன்பதுமாக. எந்தச் சேலையின் நடுவிலும் எல்லை இல்லை. மூட்டைக்கு அடியில் காகிதத்தில் சுற்றிய சின்ன நூல் சிட்டம் ஒன்று இருந்தது. பழைய சாயத்தின் மீதி. மேலே பென்சிலில் ‘90 கிராம், இழை எடுக்க’ என்று எழுதியிருந்தார். விட்டுப் போன இழையை ஊசியால் கோத்துச் சரிசெய்யும்போது அதே சாயத்து நூல் கிடைப்பது அபூர்வம். டப்பாவில் போட்டு, தேதி எழுதி, ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.